அம்மாவுக்கு ஒரு ஏழு வயதுப் பூனை: கோயம்புத்தூரில் தேடிய அனுபவம்

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது அம்மாவுக்குத் துணையாக ஒரு பூனை பார்த்துக் கொடுப்பதே முக்கிய வேலை. அம்மாவுக்கு 76 வயது, தனியாக இருக்கிறார். முழங்கால் வலி உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். அதனால் குட்டி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். குட்டி விளையாட்டாகப் பிறாண்டினாலும் அவருக்கு இரத்தம் சட்டென்று நிற்காது.

காப்பகத்தில் இரண்டு பூனைகளைக் காட்டினார்கள். செம்பட்டை நிற ஆண் பூனை பாசமானதுதான், ஆனால் நடக்கும்போதெல்லாம் காலைச் சுற்றிக்கொண்டே வந்தது. அம்மா இடறி விழ அது போதும். இன்னொன்று சாம்பல் வரிப் பெண் பூனை, ஏழு வயது, முன்பு ஒரு வீட்டில் வளர்ந்தது. நாங்கள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் தானே வந்து முகர்ந்து பார்த்துப் பக்கத்தில் படுத்தது. தட்டு ஒன்றை வேண்டுமென்றே கீழே போட்டேன். கட்டிலுக்கடியில் ஓடியது, ஆனால் சீக்கிரமே வெளியே வந்தது. தடவிக்கொண்டே இருந்தால் சில பூனைகள் வாலைப் பட்பட்டென்று அடிக்கும், காதை மடக்கும், அடுத்தது கடிதான். இது அப்படிச் செய்யவில்லை. பாதத்தை அமுக்கி நகத்தைப் பார்க்கவும் விட்டது. சரி, இதுதான் என்று முடிவானது.

கருத்தடை முடிந்திருந்தது, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அட்டையில் பதிவாகியிருந்தது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு அதிகம் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் பல் பரிசோதனையும் செய்து வாங்கினோம்.

வீட்டில் பெரிய சிக்கல், பூனை மலம், சிறுநீர் கழிக்கும் லிட்டர் டிரே. அம்மாவால் குனிய முடியாது. அதனால் அசையாத, அகலமான தாழ்ந்த ஸ்டூல் மேல் வைத்தோம். பூனை எளிதாக ஏறுகிறது. டிரேயில் கொட்டும் களிமண் லிட்டர் மூட்டை கனமானது என்பதால் எடை குறைந்த டோஃபு லிட்டரைச் சின்ன டப்பாவில் பிரித்து வைத்தேன். காலைக் காபிக்குப் பிறகு அம்மா அள்ளிப் போடுகிறார்; முழுதாக மாற்றிக் கழுவுவது வாரம் ஒருமுறை வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பொறுப்பு. பூனை நாலு கிலோ, அதற்குத் தினம் 50 கிராம் சுமார் உலர் தீனி, காலை மாலை பாதிப் பாதி. கிண்ணம் ஹாலில் இருக்கிறது, அடுப்படியில் இல்லை. சமைக்கும்போது காலடியில் சுற்றக் கூடாது.

நகம் வெட்ட வீட்டுக்கு வருவோம் என்ற ஒரு கிளினிக் கடைசிவரை வரவே இல்லை. பிறகு பக்கத்துத் தெரு கால்நடை மருத்துவரின் உதவியாளர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வர ஒப்புக்கொண்டார். அம்மா ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் எதிர்வீட்டு மாமியிடம் சாவி இருக்கிறது. பூனை ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டாலும், டிரேயில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டாலும் காத்திருக்காமல் மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி, எண்ணோடு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன்.