ரிட்டர்ன் கிஃப்ட் டேக்: மூன்று வாசகங்களில் எது பொருந்தும்?

கல்யாண மண்டபத்தை விட்டுக் கிளம்பும் விருந்தினர் கையில் கொடுக்கும் தாம்பூலப் பையிலோ பரிசிலோ தொங்கும் டேக் பெரும்பாலும் 5 செ.மீ. சதுரம்தான். ஓரம் நான்கு பக்கமும் 4 மி.மீ. விட்டு, மேலே நூல் கோக்கும் துளைக்கு 1 செ.மீ. ஒதுக்கினால், 11 பாயின்ட் எழுத்தளவில் வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்து நிற்கும். நான்கு வரிக்கு மேல் போனால் நெருக்கடி. அதிகம் அச்சாகும் மூன்று வகை வாசகங்களை இந்த இடத்துக்குள் வைத்துப் பார்ப்போம்.

1. "தங்கள் வருகைக்கு நன்றி"

சுருக்கம், பிழைக்கு இடம் குறைவு, பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் பொருந்தும். பெற்றோர் பெயரில் கொடுப்பதென்றால் இதன் மரியாதைத் தொனி சரியாக உட்காரும். குறை என்னவென்றால், கடை பில்லின் அடியிலும் இதே வரிதான் இருக்கிறது. அச்சகத்தில் தயாராக வைத்திருக்கும் மாதிரியை அப்படியே எடுத்தால் சில சமயம் கீழே "மீண்டும் வருக" என்றும் ஒட்டிக்கொண்டு வரும். ஊர் எல்லைப் பலகைக்கு அது சரி. கல்யாணத்துக்கு மீண்டும் வரச் சொன்னால் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்கள். "நல்வரவு" என்று போடுவதும் இதே ரகப் பிழை. அது வாசலில் வரவேற்கும் சொல், வழியனுப்பும் டேக்கில் அதற்கு வேலை இல்லை.

2. "வாழ்த்திய அன்பு உள்ளங்களுக்கு நன்றி"

எங்கள் தேர்வு இதுதான். பை கைக்கு வரும்போது வாழ்த்து முடிந்துவிட்டது, ஆகவே இறந்தகாலம் இயல்பாகப் பொருந்துகிறது. இதையே பலர் "நேரில் வந்து வாழ்த்திய" என்று நீட்டுகிறார்கள். அங்கேதான் சிக்கல். வர முடியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் நாலு பை கொடுத்தனுப்புவது வழக்கம். "நேரில் வந்து" என்பது அவருக்குக் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும். இரண்டு சொல்லை எடுத்தால் இடமும் மிச்சம்.

சதுர டேக்கில் இப்படிப் பிரிக்கலாம் (பெயர்கள் மாதிரிக்கு):

வாழ்த்திய அன்பு
உள்ளங்களுக்கு
நன்றி
மலர் – குமரன்

வரியை மென்பொருளின் போக்கில் விட்டால் "உள்ளங்களு" ஒரு வரியிலும் "க்கு" அடுத்த வரியிலும் விழக்கூடும். தமிழில் புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. இடம் போதாவிட்டால் எழுத்தளவை அரை பாயின்ட் குறையுங்கள், சொல்லை உடைக்காதீர்கள்.

மணமக்கள் பெயர் இருக்கும்போது "இப்படிக்கு மணமக்கள்" தேவையில்லை. பெற்றோர் பெயர்தான் வேண்டும் என்றால் நான்கு பெயர் அடங்காது; "அன்புடன் இரு வீட்டார்" ஒரே வரியில் முடியும்.

3. பரிசைச் சொல்லும் வரி

செடி கொடுத்தால் "எங்கள் வாழ்வோடு இந்தச் செடியும் வளரட்டும்" என்பதுபோல். மூன்றிலும் நினைவில் நிற்பது இதுதான். ஆனால் செடி குறைந்து கடைசி ஐம்பது பேருக்கு எவர்சில்வர் கிண்ணம் கொடுக்க நேர்ந்தால் அந்த டேக்கைக் கட்ட முடியாது. பரிசு முழு எண்ணிக்கையும் கைக்கு வந்த பிறகே இதை அச்சுக்குக் கொடுங்கள். "இந்த செடி" என்று ச் விடுபட்டு அச்சாவதும் இதில்தான் அடிக்கடி நடக்கிறது. நன்றி என்ற சொல்லும் இதில் இல்லை, அதற்குத் தனி வரி தேட வேண்டும்.

எதை எடுத்தாலும் தேதியில் கவனம் வேண்டும். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்றால் இரண்டிலும் ஒரே டேக்தான் போகும். "இன்று" என்ற சொல் ஒரு வேளைக்குப் பொய்யாகிவிடும். முகூர்த்தத் தேதியை எண்ணில் போடலாம், அல்லது விட்டுவிடலாம்.

அச்சுக்கு முன் பார்க்க வேண்டியது கொம்பும் ஐகாரமும். யூனிகோடில் தட்டிய வரியைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் ை, ெ போன்ற குறிகள் எழுத்துக்குப் பின்னால் தள்ளிப்போய் நிற்கும். முதல் வாசகத்தின் "வருகைக்கு" உடைவது இதனால்தான். இரண்டாம் வாசகத்தில் அத்தகைய குறி ஒன்றுகூட இல்லை. பெயர்களில் இருக்கலாம், அங்கே பாருங்கள். தங்க ஃபாயில் அச்சென்றால் மெல்லிய எழுத்துரு வேண்டாம், புள்ளி சரியாகப் பதியாமல் "நனறி" போலத் தெரியும். வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் தருவதைவிட, அசல் அளவில் ஒரு தாளில் எடுத்து, துளையும் போட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.