55 என்று காட்டும் பலகையும் வீணாக வாங்கிய ரேமும்

தெஹிவளையில் இருக்கும் சித்தப்பாவின் மகன் போன வாரம் இரவு அழைத்தான். புதிய டிடிஆர்5 கணினியை அன்றுதான் பூட்டி முடித்திருந்தான். "அண்ணா, தாய்ப்பலகையில் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. ரேம் போய்விட்டதா? நாளைக்குக் கடைக்குக் கொண்டுபோகட்டா?" என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நிமிடமாக எரிகிறது?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடமும் ஒரு சோடி ரேமின் விலையும் போயின.

என்னுடையது 2021இல் வாங்கிய டிடிஆர்4 தாய்ப்பலகை. ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன: புரொசசருக்குச் சிவப்பு, ரேமுக்கு மஞ்சள், கிராபிக்ஸ் கார்டுக்கு வெள்ளை, வட்டுக்குப் பச்சை. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கக் குறியீட்டுத் திரை. விளக்கு மட்டும் உள்ள பலகை மலிவாகவே கிடைத்தது. அந்தத் திரைக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்தேன். பழுது வந்தால் அதுவே வழிகாட்டும் என்று உண்மையாக நம்பினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு போயா விடுமுறையன்று கூலரைக் கழற்றித் தூசி துடைத்து, புரொசசரின் மேல் வெப்பம் கடத்தும் புதிய பசை தடவி மறுபடி பூட்டினேன். ஆளியை அழுத்தியதும் திரையில் எண்கள் ஓடி 55இல் நின்றன. மஞ்சள் விளக்கும் எரிந்தது. கணினி தானாக அணைந்து மறுபடி முயன்றது. மறுபடியும் 55. கையேட்டைத் திறந்தேன். 55க்கு நேரே ஒற்றை வரி: நினைவகம் பொருத்தப்படவில்லை. இரண்டு ரேம் பட்டைகளும் என் கண் முன்னே பொருந்தி இருந்தன. அந்த ஒற்றை வரியின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

படம் எடுத்து ஒரு கடையில் காட்டினேன். அவர்கள் பலகையைப் பார்க்கவில்லை, படத்தை மட்டும் பார்த்தார்கள். "மஞ்சள் என்றால் ரேம்தான்" என்றார்கள். புதிய சோடி வாங்கி வந்து செருகினேன். 55.

அன்றிரவுதான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த எண்ணை எழுதுவது யார்? பலகைக்குள் தனியாக ஒரு மருத்துவர் இருந்து எதையும் சோதிப்பதில்லை. கணினியை எழுப்பும் பயாஸ் நிரல் புரொசசரில் ஓடும்போது, ஒவ்வொரு படியிலும் தான் எங்கே நிற்கிறது என்பதை ஓர் எண்ணாக எழுதிக்கொண்டே போகிறது. திரை கடைசியாக எழுதப்பட்டதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே 55 என்பது "ரேமோடு பேச முயன்றேன், பதில் வரவில்லை" என்ற செய்தி. கேட்ட வாய் ஊமையா, கேட்கும் காது செவிடா, இடையிலுள்ள கம்பி அறுந்ததா என்று அதற்குத் தெரியாது. இதே காரணத்தால்தான் புரொசசரே ஓடாவிட்டால் திரை 00இல் நிற்கும், அல்லது ஒன்றுமே காட்டாது. எண்ணை எழுத வேண்டியதே ஓடவில்லையே.

அதன் பிறகு பொறுமையாகச் செய்தேன். மின்சாரத்தைப் பின்னாலுள்ள ஆளியில் நிறுத்தி, முன்பொத்தானைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்னையும் வடியவிட்டேன். பழைய பட்டைகளில் ஒன்றை மட்டும், புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லொட்டில் போட்டேன். மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது, விண்டோஸ் வந்தது. அதைக் கழற்றி மற்றப் பட்டையை அதே இடத்தில் போட்டேன். அதுவும் வந்தது. ஆகப் பழைய பட்டைகள் இரண்டும் நல்லவை, நான் வாங்கிய புதியவை வீண். அடுத்து ஒரு பட்டையை நான்காவது ஸ்லொட்டில் போட்டேன்: 55. மூன்றாவதிலும் 55. பட்டையை மாற்றிப் பார்த்தாலும் அதே 55.

இங்கேதான் விடை இருந்தது. மூன்றாவது, நான்காவது ஸ்லொட்கள் இரண்டும் ரேமுக்கான ஒரே இணைப்புத் தடத்தைச் சேர்ந்தவை. இரண்டு ஸ்லொட்கள் ஒரே நாளில் சேர்ந்து சாவது அரிது. அந்தத் தடம் போய்ச் சேருமிடம் புரொசசர், ஏனென்றால் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போது புரொசசருக்குள்ளேயே இருக்கிறது. என் புரொசசரின் கீழே 1200 மெல்லிய கம்பித்தொடுப்புகள் இருக்கின்றன. சில ஒழுங்காக அழுந்தாவிட்டால் போதும், ஒரு தடம் முழுவதும் செத்ததுபோலத் தோன்றும். அன்று நான் தொட்டது புரொசசரின் மேல் அழுந்தியிருக்கும் கூலரை மட்டுமே. அதன் நான்கு திருகாணிகளில் ஒன்றை முதலில் இறுக்கி முடித்துவிட்டு மற்றதற்குப் போனது நினைவுக்கு வந்தது.

வேறெதையும் தொடாமல், அதிகம் இறுகியிருந்த அந்த மூலைத் திருகாணியை மட்டும் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். நான்காவது ஸ்லொட்டில் பட்டை அப்படியே இருந்தது. ஆளியை அழுத்தினேன். எண்கள் 55ஐத் தாண்டி ஓடின. பிறகு நான்கையும் தளர்த்தி, எதிரெதிர் மூலைகளாக இரண்டு இரண்டு சுற்றாக இறுக்கினேன். இன்றுவரை அந்த எண் திரும்பி வரவில்லை. தளர்த்தியும் சரிவராமல் இருந்திருந்தால் புரொசசரைத் தூக்கி, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து வளைந்த தொடுப்பு இருக்கிறதா என்று தேடியிருக்க வேண்டும். அந்த வேலை எனக்கு வராமல் போனது அதிர்ஷ்டம்.

திரைக்கு நியாயம் செய்ய வேண்டும். பட்டையை மாற்றும் ஒவ்வொரு முறையும் "அதே இடம்தான்" என்று ஐயமில்லாமல் சொன்னது அதுதான். எண்கள் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் ஓடும்போது கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியில் பிடித்துவிடலாம். மறுதொடக்கத்துக்கு முன் வரும் கடைசி எண்ணே முக்கியம். b என்ற எழுத்தையும் 6ஐயும் குழப்பாமல் பாருங்கள்: 6க்கு மேல்கோடு உண்டு, b-க்கு இல்லை. ஒருமுறை வெள்ளை விளக்கோடு d6 வந்தபோது, படம் காட்டச் சாதனம் இல்லை என்ற கையேட்டு வரி நேராகவே உதவியது. கிராபிக்ஸ் கார்டின் மின்கம்பியைச் செருக மறந்திருந்தேன். கணினி ஓடத் தொடங்கிய பின் என் பலகையில் அந்தத் திரை புரொசசரின் வெப்பநிலையைக் காட்டுகிறது. வெள்ளவத்தையின் ஏப்ரல் வெக்கையில் அதைத் தினமும் பார்க்கிறேன்.

இவ்வளவு நன்மை சொன்ன பிறகும், தம்பி "அடுத்த தடவை திரை உள்ள பலகையே வாங்கவா?" என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். என் பழுதைக் கண்டுபிடித்தது ஒரு பட்டையும் நான்கு ஸ்லொட்களும்தான். நான்கு விளக்குகள் மட்டும் இருந்திருந்தாலும் அந்தச் சோதனை அப்படியே நடந்திருக்கும். "பொருத்தப்படவில்லை" என்று பொய்யாக ஒரு வரி அச்சிட்டுவிட்டு அதற்கு விலையும் கேட்பவர்களுக்கு மறுபடி பணம் கொடுக்க எனக்கு மனமில்லை.

அவனுடைய மஞ்சள் விளக்குக்கு வருவோம். மூன்று நிமிடமாக எரிகிறது என்றான். டிடிஆர்5 பலகை முதன்முறை எழும்போது ரேமோடு தன் நேரக்கணக்குகளைப் பழக்கிக்கொள்ளும். அதற்குப் பல நிமிடம் ஆகலாம், அதுவரை மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். "கால் மணி நேரம் ஆளியைத் தொடாதே, அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்" என்றேன். அழைப்பைத் துண்டிக்காமல் இருவரும் காத்திருந்தோம். சித்தி பின்னாலிருந்து சாப்பிட அழைத்துக்கொண்டே இருந்தார். எட்டாவது நிமிடத்தில் மஞ்சள் அணைந்து வெள்ளை எரிந்தது, அதுவும் அணைந்தது. "படம் வந்துவிட்டது அண்ணா" என்றான்.