871-ஐ அப்படியே எடுப்பதா, நாமே கணிப்பதா?

கிளிநொச்சியில் மிளகாய் உலர்த்தக் கறுப்புப் பூச்சுப் பூசிய தகடு ஒன்றை அமைத்தேன். காற்றோட்டத் திசையில் அதன் நீளம் 3 மீற்றர். கச்சான் காற்று அதன் மேல் நெடுக ஓடுகிறது. அது அள்ளிச் செல்லும் வெப்பத்தைக் கணிக்கச் சராசரி மேற்காவுகைக் குணகம், அதாவது ஒரு பாகை வித்தியாசத்துக்குச் சதுர மீற்றர் ஒன்றிலிருந்து காற்று எடுத்துச் செல்லும் வெப்பம், தேவைப்பட்டது. அந்தக் கணிப்பில் பாடநூல்கள் தரும் 871 என்ற எண்ணில்தான் கேள்வி எழுந்தது.

காற்று 32 பாகை, தகடு 62 பாகை, வேகம் செக்கனுக்கு 5 மீற்றர். இடைவெப்பநிலை 47 பாகை என்பதால் தகட்டின் கடைசி விளிம்பில், காற்று சீராக ஓடுகிறதா குழம்பி ஓடுகிறதா என்று காட்டும் ரெனோல்ட்ஸ் எண் ஏறக்குறைய 8.4 இலட்சம். முன்பகுதியில் அடுக்குப் பாய்ச்சல், பின்பகுதியில் கொந்தளிப்பு.

தகடு முழுவதும் அடுக்குப் பாய்ச்சல் என்று கொண்டால் குணகம் 5.0 வருகிறது, முழுவதும் கொந்தளிப்பு என்றால் 16.7 (அலகு W/m²K). இரண்டும் இந்தத் தகட்டுக்குப் பொருந்தாது. நான் தேர்ந்தெடுத்தது கலப்புச் சூத்திரம்:

```
Nu = (0.037 Re^0.8 - A) Pr^(1/3)
A = 0.037 Rec^0.8 - 0.664 Rec^0.5
```

Re ரெனோல்ட்ஸ் எண், Pr காற்றின் பிரான்ட்டில் எண், Nu குணகத்தைத் தரும் நுசெல்ட் எண். பாடநூல்களில் A 871 என்று இருக்கும். கொந்தளிப்பு தொடங்கும் மாறுநிலை ரெனோல்ட்ஸ் எண் Rec 5 இலட்சம் என்று வைத்ததால் வந்த எண் அது. அதன்படி குணகம் 9.5. ஆனால் அந்த 5 இலட்சம், மழுமழுப்பான தகட்டுக்கும் அமைதியான காற்றுக்கும் உரிய ஒரு வழமையான மதிப்பு. என் தகட்டின் முன்விளிம்பு மடித்துத் தடித்தது. வயல்வெளிக் காற்றும் குலுங்கியே வருகிறது. இரண்டும் மாற்றத்தை முன்னுக்கு இழுக்கும்.

ஆகவே தகட்டு நெடுக ஒவ்வொரு சாணுக்கும் வெப்பநிலையை அளந்தேன். முன்விளிம்பிலிருந்து சூடு ஏறிக்கொண்டே போய், ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டியதும் சடாரென இறங்கியது. கொந்தளிப்பு தொடங்கும் இடத்தில் குணகம் பாய்ந்து ஏறுவதால் தகடு அங்கே குளிர்கிறது. அந்தத் தூரத்துக்கு Rec ஏறத்தாழ 3 இலட்சம், A 527 ஆகிறது, குணகம் 12.4. சதுர மீற்றருக்கு வெப்ப இழப்பு 285 வாட்டிலிருந்து 370 வாட்டுக்கு உயர்கிறது. 871-ஐ நம்பியிருந்தால் தகடு இருப்பதைவிடச் சூடாக இருக்கும் என்று எண்ணியிருப்பேன்.

இடையில் ஒரு பிழை எளிதில் நுழையும். முன்பகுதிக்கு 0.664, பின்பகுதிக்கு அதன் சொந்த நீளத்தை வைத்து 0.037 என்று தனித்தனியே போட்டுக் கூட்டக்கூடாது. தகட்டை ஒட்டி ஓடும் காற்றுப்படையான கொந்தளிப்பு எல்லைப்படை முன்விளிம்பிலிருந்தே வளர்ந்ததாகக் கொண்டுதான் A கழிக்கப்படுகிறது.

சூத்திரம் ஒரே வெப்பநிலையுள்ள தகட்டுக்கு உரியது. வெயிலில் தகட்டின் சூடு இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் 12.4-ஐ நான் கிட்டத்தட்ட என்றே கொள்கிறேன். அளந்ததும் கச்சான் நாட்களில் மட்டும். வாடைக்காற்றில் Rec மாறக்கூடும். வேகம் 1.8-க்குக் கீழே இறங்கினால் தகடு முழுவதும் அடுக்குப் பாய்ச்சலே. அப்போது A தேவையில்லை, 0.664 போதும், காற்று மேலும் ஓய்ந்தால் சூட்டினால் தானே எழும் காற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.