ஆறாவது மணி நேரத்தில் கடிகாரம் போதாது: ஹைப்பர்சென்சிட்டிவிட்டி கேள்விகளுக்கு டைமிங்கா, மெக்கானிசமா?

ஹைப்பர்சென்சிட்டிவிட்டி என்றால் உடலின் எதிர்ப்புச் சக்தி மிகையாக வினைபுரிந்து உடலையே பாதிப்பது. ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி, இது நான்கு டைப்பில் எது என்று பரீட்சையில் கேட்பார்கள். ஊட்டியில் மைக்ரோபயாலஜி படித்த வருடம், இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்பதில் எங்கள் விடுதியில் இரண்டு கட்சிகள் இருந்தன. முதல் கட்சிக்கு நேரம்தான் எல்லாம். நிமிடங்களில் வந்தால் டைப் 1, சில மணி நேரம் ஆனால் டைப் 3, இரண்டு நாள் ஆனால் டைப் 4. இரண்டாவது கட்சி கடிகாரத்தைப் பார்க்காது. வினையைத் தூண்டும் ஆன்டிஜென் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதை அடிக்க யார் வந்தார்கள் என்று கேட்கும். நான் இரண்டாவது கட்சி. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கடிகாரக் கட்சிக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். காலக் கோட்டின் இரண்டு முனைகளிலும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரப்பர் கையுறை கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட சில நிமிடங்களில் கை தடித்து, மூச்சு இழுத்தால் லேடக்ஸ் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ ஆன்டிபாடி, டைப் 1. ஒன்றிரண்டு நாள் கழித்து கை சிவந்து, நீர் கோத்து உரிந்தால் ரப்பரில் கலக்கும் ரசாயனத்துக்கு எதிரான டி செல், டைப் 4. பொருள் ஒன்றே என்பதால் நேரம்தான் பிரித்துக் காட்டுகிறது. காசநோய்க்கான மாண்டூ சோதனையை 48 முதல் 72 மணி நேரத்தில் படிப்பதும் இந்தக் கணக்குதான்.

சிக்கல் டைப் 2-இல் தொடங்குகிறது. அதற்குக் கடிகாரத்தில் இடமே கிடையாது. ரத்தம் ஏற்ற ஆரம்பித்துச் சில நிமிடங்களில் ஒருவருக்குக் குளிர் காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீர் சிவப்பு என்று கேள்வி வந்தால், 'நிமிடங்கள்' என்ற சொல்லைப் பார்த்ததுமே டைப் 1 என்று வட்டமிட்டவர்கள் உண்டு. இங்கே ஆன்டிஜென் சிவப்பணுவின் மேலேயே ஒட்டியிருக்கிறது. பொருந்தாத ஏபிஓ ரத்தத்துக்கு எதிரான ஐஜிஎம் உடலில் முன்பே தயாராக இருக்கிறது. ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களைக் கூட்டிக்கொண்டு போய் அணுவை உடைக்கிறது. இதுதான் டைப் 2. டைப் 1-இன் மாஸ்ட் செல்லுக்கு இங்கே முக்கிய வேடம் இல்லை. அதே ஏற்றலில் தடிப்பும் வீசிங்கும் ரத்த அழுத்தச் சரிவும் வந்து, சிறுநீர் தெளிவாக இருந்திருந்தால் டைப் 1 பக்கம் யோசிக்கலாம். நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நான் கட்சி மாறியதற்குக் காரணம் ஆறாவது மணி நேரம். எங்கள் மலையில் பட்டன் காளான் கொட்டகைகள் பல உண்டு, ஆகவே கேள்வியையும் அங்கேயே வைக்கிறேன். வயது நாற்பதை ஒட்டிய ஒருவர் காளான் கொட்டகையில் பதப்படுத்திய கம்போஸ்ட்டைக் கிளறி விதை கலக்கிறார். காலையில் வேலை. மாலையில், சுமார் ஆறு மணி நேரம் கழித்து, குளிர் நடுக்கம், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு முட்டல். மறுநாள் தேவலை. விடுமுறையில் ஒன்றுமில்லை, வேலைக்குத் திரும்பினால் மறுபடியும் அதே கதை. இது எந்த டைப்?

கடிகாரம் இங்கே இரண்டு பதில் சொல்கிறது. ஆன்டிஜெனும் ஆன்டிபாடியும் கட்டாகித் திசுவில் படியும் ஆர்த்தஸ் வகை டைப் 3 வினை நாலு மணி நேரத்துக்கு மேல்தான் தலைகாட்டும். ஆஸ்துமாவின் பின்கட்டமும், அதாவது டைப் 1-இன் இரண்டாவது அலையும், ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வரும். ஆறு மணி நேரம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய முடியாது.

யார் வந்தார்கள் என்று கேட்டால் மூடி திறக்கிறது. டைப் 1-இன் பின்கட்டம் பெரும்பாலும் தனியாக வராது. கொட்டகைக்குள் போன பத்திருபது நிமிடத்தில் முதல் இழுப்பு வந்திருக்கும். பிறகு ஈயோசினோஃபில் வரும், மூச்சுக்குழல் சுருங்கும், ஸ்டெத்தில் வீசிங் கேட்கும், காய்ச்சல் இருக்காது. இவருக்கோ முதல் அலையே இல்லை. காய்ச்சல் இருக்கிறது, நுரையீரலின் அடிப்பகுதியில் க்ராக்கிள் கேட்கிறது, ஐஜிஇ சாதாரணம், ரத்தத்தில் கூடியிருப்பது நியூட்ரோஃபில். ஊதிப் பார்க்கும் சோதனையில் குழாய் அடைப்பு இல்லை, நுரையீரல் கொள்ளளவுதான் குறைந்திருக்கிறது. சூடேறிய கம்போஸ்ட்டில் செழிக்கும் தெர்மோஃபிலிக் ஆக்டினோமைசீட்டுகள் என்ற பாக்டீரியாக்களுக்கு எதிரான ஐஜிஜி, பிரெசிபிடின் சோதனையில் கோடாகத் தெரிகிறது. இடம் மூச்சுக்குழல் அல்ல, காற்றுப்பை. வந்தது ஐஜிஇ அல்ல, ஐஜிஜி. ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். திடீரென வரும் அக்யூட் நிலை என்று கேள்வி சொன்னால் டைப் 3 என்று எழுதலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. அந்தப் பிரெசிபிடின் கோடு, அவர் தூசியைச் சுவாசித்தார் என்பதற்குத்தான் சாட்சி. அதே கொட்டகையில் நோயே இல்லாமல் வேலை செய்பவர்களுக்கும் அது இருக்கலாம். இன்னொன்று, இந்த நோய் டைப் 3-க்குள் முழுசாக அடங்காது. திசு எடுத்துப் பார்த்தால் செல்கள் திரண்ட முடிச்சான கிரானுலோமா, நுரையீரலைக் கழுவிய நீரில் லிம்ஃபோசைட். இரண்டும் டி செல்லின் வேலை. அதனால் நாள்பட்ட நிலை என்றோ கிரானுலோமா என்றோ கேள்வியில் இருந்தால் டைப் 4. இரண்டும் சேர்ந்த விருப்பம் இருந்தால் அதுவே சரி. நான் கேள்வித்தாளை வைத்துத்தான் சொல்கிறேன். வார்டில் இப்படிப்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த அனுபவம் எனக்கில்லை.

பத்தாவது நாளிலும் இதே மோதல் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் பழைய வரலாற்றிலேயே இருக்கிறது. 1907-இல் தொடங்கிய அந்த நிறுவனம் பல காலம் ஆட்டு மூளையிலிருந்து செம்பிள் வகை வெறிநாய்த் தடுப்பூசி தயாரித்தது. நாய் கடித்தவருக்கு அந்த ஊசியோடு குதிரை சீரமும் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது நாளில் பிரச்சினை வருகிறது. காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி, சிறுநீரில் புரதம், காம்ப்ளிமென்ட் புரதமான சி3 குறைவு என்றால் குதிரைப் புரதமும் ஆன்டிபாடியும் கட்டாகி ரத்தக்குழாய்ச் சுவரிலும் சிறுநீரகத்திலும் படிந்திருக்கின்றன. சீரம் சிக்னஸ், டைப் 3. அதே பத்தாவது நாளில் கால் தளர்ந்து, சிறுநீர் கட்டி, முதுகுத்தண்டு நீரில் லிம்ஃபோசைட் கூடி, சி3 சரியாக இருந்தால் குற்றவாளி மூளைத் திசு. அதிலுள்ள நரம்பு உறையான மையலினைப் பார்த்துப் பழகிய டி செல், நோயாளியின் சொந்த மையலினையே தாக்குகிறது. டைப் 4. விலங்குகளில் இதே மாதிரி நோயை உண்டாக்கி, அவற்றின் டி செல்லை மட்டும் வேறொரு விலங்குக்கு மாற்றினாலே நோய் தொற்றிக்கொள்ளும். சீரத்தை மாற்றினால் அப்படி வராது. மூளைத் திசு ஊசி இப்போது நம் நாட்டில் இல்லை, செல் வளர்ப்பு ஊசிதான். குதிரை சீரம் மட்டும் இன்னும் உண்டு; பாம்புக்கடி மருந்தும் குதிரையிலிருந்துதான் வருகிறது.

அதனால் சீரம் சிக்னஸ் கேள்வியில் 'இவருக்கு முன்பு ஒருமுறை பாம்பு கடித்து மருந்து ஏற்றியிருக்கிறார்கள்' என்று ஒரு வரி வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். நினைவு செல்கள் ஏற்கெனவே இருப்பதால் ஆன்டிபாடி சீக்கிரம் எழும். ஏழு முதல் பதினாலு நாள் என்ற கணக்கு, ஒன்று முதல் மூன்று நாளாகச் சுருங்கிவிடும். மூன்றாவது நாள் என்றதும் கடிகாரக் கட்சிக்காரர் டைப் 4-ஐ வட்டமிடுவார். சிறுநீரில் புரதமும் சி3 குறைவும் அப்போதும் டைப் 3 என்றுதான் சொல்லும்.