மாதிரிக்குக் காட்டியது 940, பெட்டியில் வந்தது 840: கடைக்கு விளக்கு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

துணிக்கடை, தையல் நூல் கடை, பெயிண்ட் கடை என நிறத்தைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் எந்தக் கடைக்கும் எல்.இ.டி. விளக்கு வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைத் தாங்களே படித்துப் பார்க்க வேண்டும். அந்த எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி என்னை ஏமாற்றிய விதத்தை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் கடையில் ஆயத்த ஆடைகளும் தையல் நூலும் விற்கிறோம். விளக்குகளை மாற்ற முடிவு செய்தபோது, நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் எண், அதாவது சி.ஆர்.ஐ., 90-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று விற்பனையாளரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தோம். அவர் கொண்டு வந்த மாதிரி விளக்கு 15 வாட், வெளிச்சத்தின் அளவு 1200 லூமன். பெட்டியின் பின்புறம் 940 என்று அச்சிட்டிருந்தது. முதல் இலக்கமான 9, சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் என்பதையும், அடுத்து வரும் 40, ஒளியின் நிற வெப்பநிலை 4000 கெல்வின் என்பதையும் குறிக்கும். மாதிரியை ஏற்றிப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. உடனே மொத்தமாக ஆர்டர் கொடுத்தோம்.

வந்திறங்கிய பெட்டிகளில் அதே நிறுவனப் பெயர், அதே படம், அதே 15 வாட், அதே 4000 கெல்வின்தான் இருந்தன. முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பின்பக்கத்தில் 840 என்றும், அதன் கீழே, சி.ஆர்.ஐ. எண்ணையே குறிக்கும் 'ஆர்.ஏ. 80-க்கு மேல்' என்றும் இருந்தன. லூமன் 1500 ஆகியிருந்தது. விளக்குகளைப் பொருத்திய ஆள் விற்பனையாளரின் ஆள்தான். வேலை முடிந்ததும் காலிப் பெட்டிகளைக் கையோடு எடுத்துச் சென்றுவிட்டார். அதை அன்று உதவி என்றே நினைத்தோம். ஒரு மூலையில் தப்பிக் கிடந்த ஒற்றைப் பெட்டி இல்லாவிட்டால் இந்த விவரம் எதுவுமே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

முதலில் சிக்கல் வெளிப்பட்டது நூலில்தான். அரக்குச் சிவப்புத் துணி ஒன்றுக்குப் பொருத்தமான நூலை விளக்கின் கீழே ஒப்பிட்டு எடுத்துச் சென்ற வாடிக்கையாளர், வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு நிறம் என்று திருப்பிக் கொண்டு வந்தார். வாசலில் வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மைதான்: துணி தெளிந்த சிவப்பாகவும், நூல் சற்றே பழுப்போடியும் இருந்தது. உள்ளே கொண்டு வந்தால் இரண்டும் ஒரே மங்கிய செங்கல் நிறம். வெவ்வேறு சாயம் ஏற்றிய இரண்டு பொருள்கள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலவும் மற்றோர் ஒளியில் வெவ்வேறாகவும் தெரிவது சாயத் தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிந்த ஒன்று. விளக்கின் ஒளியில் சிவப்புப் பகுதி குறையக் குறைய, சிவப்புச் சாயங்களில் இந்தத் தொல்லையும் கூடும்.

80 என்ற எண்ணே நல்ல மதிப்பெண் போலத் தோன்றுவதால், அதில் என்ன குறை என்று சிலர் கேட்கக்கூடும். சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த முறைப்படி, ஆர்.ஏ. என்பது எட்டு மாதிரி நிறங்கள் அந்த விளக்கின் கீழ் எவ்வளவு சரியாகத் தெரிகின்றன என்பதன் சராசரி. அந்த எட்டும் வெளிறிய, அடக்கமான நிறங்கள். ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரி. ஆர் 9 எனப்படும் அது இந்தச் சராசரியில் சேர்க்கப்படுவதே இல்லை. ஆகவே, சிவப்பை மிக மோசமாகக் காட்டும் ஒரு விளக்கு பெட்டியில் 80 என்று போட்டுக்கொள்ள முறைப்படி எந்தத் தடையும் கிடையாது. சாதாரண 80 ரக எல்.இ.டி.களில் ஆர் 9 பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருப்பது வழக்கம். சிவப்பு, அரக்கு, ஆரஞ்சு, மனிதரின் தோல்நிறம் ஆகிய எல்லாமே இதனால் அடிபடும். உடையை உடுத்திப் பார்க்கும் கண்ணாடி முன் நிற்கும் வாடிக்கையாளர் களையிழந்து தெரிவதற்கும் இதுவே காரணம்.

பழுதை எடுத்துச் சொன்னபோது விற்பனையாளர் சொன்ன பதில்தான் எனக்கு அதிகக் கோபத்தை உண்டாக்கியது. "மாதிரியைவிட இதில் வெளிச்சம் அதிகம், உங்களுக்கு லாபம்தானே?" என்றார். வெளிச்சம் அதிகம் என்பது பொய்யல்ல. ஆனால் அந்தக் கூடுதல் வெளிச்சமே அது மட்டமான ரகம் என்பதற்குச் சான்று. வெள்ளை எல்.இ.டி.யில் உண்மையில் எரிவது ஒரு நீலச் சில்லு. அதன் மேலுள்ள பாஸ்பர் பூச்சு அந்த நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. நம் கண் ஆழ்ந்த சிவப்பை மிகக் குறைவாகவே வெளிச்சமாக உணர்வதால், சிவப்பைக் கூட்டினால் அதே வாட்டுக்குக் கிடைக்கும் லூமன் குறையும். ஒரே தலைமுறையைச் சேர்ந்த, ஒரே நிறுவனத்தின் ஒரே வாட் விளக்குகள் இரண்டில், லூமன் கூடுதலாக உள்ளது பெரும்பாலும் நிறத்தை மோசமாகக் காட்டும். எனவே மாதிரிப் பெட்டியின் லூமன் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த சரக்கில் அது ஏறியிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

பின்னர் அவர், 'பகல் வெளிச்சம்' என்று எழுதிய 6500 கெல்வின் விளக்குகளை மாற்றித் தருவதாக ஒரு சமாதானம் சொன்னார். அதுவும் ஏமாற்றுத்தான். கெல்வின் எண் ஒளி மஞ்சளோடியதா நீலமோடியதா என்பதை மட்டுமே சொல்லும். பொருளின் நிறம் சரியாகத் தெரியுமா என்பதற்கு அதில் விடையில்லை. அவர் நீட்டிய பெட்டியில் 765 என்றிருந்தது. சி.ஆர்.ஐ. 80-ஐக்கூட எட்டாத ரகம் அது.

பெட்டி கையில் இல்லாதவர்கள் விளக்கின் அடிப்பகுதியைப் பார்க்கலாம்; சில விளக்குகளில் அதே மூன்று இலக்க எண் அங்கும் அச்சிடப்பட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால், ஒரே கெல்வின் உள்ள நம்பகமான 90 ரக விளக்கு ஒன்றையும் சந்தேகத்துக்குரியதையும் அருகருகே எரியவிட்டு, நடுவில் ஓர் அட்டையைத் தடுப்பாக நிறுத்தி, இருபுறமும் ஒரே சிவப்புத் துணியின் துண்டுகளை வைத்துப் பாருங்கள். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போட்டுப் பார்த்தால் கண் பழகிப்போய் வித்தியாசம் மறைந்துவிடும். கைப்பேசியில் படமெடுத்து நிரூபிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிடும்.

எங்களுக்குப் பணம் திரும்பவில்லை. பில்லில் 'எல்.இ.டி. 15 வாட், வெள்ளை' என்று மட்டுமே அவர் எழுதியிருந்தார். 840 விளக்கும் 15 வாட்தான், வெள்ளைதான். இப்போது வேறொருவரிடம் வாங்கியபோது, '15 வாட், 940, ஆர் 9 குறைந்தது 50. பெட்டியில் வேறு எண் இருந்தால் சரக்கு திருப்பி அனுப்பப்படும்' என்று ஆர்டரிலும் பில்லிலும் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுத்தோம். பெட்டிகளைப் பிரித்ததும் எங்கள் ஆட்கள்தான்.