மிக்ஸி சத்தத்துக்கு அலறுற ரெண்டரை வயசு: "ஒண்ணுமில்ல"ன்னு சொல்றதா, தூக்கிட்டு ஓடுறதா, பக்கத்துல நிறுத்துறதா, மெல்ல பழக்குறதா?

சின்னப்புள்ள பயந்தா என்ன பண்றதுங்கறதுல நம்ம தஞ்சாவூர் பக்கம் ஒவ்வொரு வீட்டுலயும் மூணு கட்சி இருக்கும். அப்பாயி "ஒண்ணுமில்லடா, இதுக்குப் போயா அழுவ"ன்னு சொல்லுவாங்க, அம்மா புள்ள மொகம் சுருங்கறதுக்குள்ள தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு கொல்லப்பக்கம் போயிடுவா, மாமாவோ சித்தப்பாவோ ஒருத்தர் "பக்கத்துல கொண்டுபோய் நிறுத்து, தன்னால தெளிஞ்சிடும்"பார். மூணு பேருமே புள்ள மேல உள்ள பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா மூணுக்கும் விளைவு வேற வேற. நாலாவதா ஒரு வழி இருக்கு, அது கொஞ்சம் பொறுமை கேக்கும். நாலையும் ஒரே புள்ளைய வச்சிப் பாத்தா வித்தியாசம் நல்லா புரியும்.

எங்க அக்கா பையன், மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், ரெண்டரை வயசு. ஆடி மாசம் மாரியம்மன் கோயில் திருவிழாவுல மத்தியானம் இவன் தூங்கிட்டிருக்கறப்ப வீட்டுக்குப் பின்னாடி அதிர்வேட்டு போட்டாங்க. தூக்கிவாரிப் போட்டு எழுந்தவன் ரொம்ப நேரம் அழுதான். அதுக்கப்புறம் வேட்டுச் சத்தம்தானே பயம்னு பாத்தா, மிக்ஸி போட்டா அலற ஆரம்பிச்சான், புரட்டாசியில குறுவை அறுவடை மெஷின் தெருவுல போனப்ப கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிக்கிட்டான். பயம் இப்படித்தான் பரவும், ஒரு சத்தத்துல ஆரம்பிச்சி அதே மாதிரி திடீர்னு வர்ற எல்லா சத்தத்துக்கும் போயிடும். ரெண்டு மூணு வயசுல இந்த மாதிரி பயம் வர்றது ரொம்ப சாதாரணம், ஏன்னா அந்த வயசுல கற்பனை வளந்துடுது, ஆனா சத்தம் எங்கேருந்து வருது, எப்ப நிக்கும், நம்மள ஏதாவது பண்ணுமாங்கற அறிவு இன்னும் வரல.

மொதல்ல அப்பாயியோட "ஒண்ணுமில்ல". இதுல பாதி சரி. அவங்க குரல்ல பதட்டம் இல்ல, ஒரு வயசு புள்ளயே புதுசா ஏதாவது பாத்தா உடனே பெரியவங்க மொகத்தத்தான் பாக்கும், அந்த மொகம் அமைதியா இருந்தாலே கொஞ்சம் அடங்கும். தப்பு அந்த வார்த்தையில இருக்கு. புள்ளைக்கு நெஞ்சு படபடங்குது, காதுல சத்தம் கேக்குது, நீங்க ஒண்ணுமே இல்லங்கறீங்க. அப்ப தனக்குத் தெரியறத உங்களுக்குப் புரிய வைக்க இன்னும் சத்தமா அழுவான். இதையே "சத்தம் பெருசா இருக்குல்ல, மிக்ஸிதான்டா, அம்மா தேங்கா அரைக்கிறா, இப்ப நின்னுடும்"னு சொல்லிப் பாருங்க. அதே அமைதியான குரல், ஆனா இப்ப அவனுக்கு மூணு விஷயம் கெடச்சிருக்கு: நான் கேட்டது நெஜம், அதுக்கு ஒரு பேர் இருக்கு, அது முடியும்.

ரெண்டாவது, தூக்கிட்டு ஓடுறது. எங்க அக்கா செஞ்சது இதுதான், எனக்கு அவ மேல கோவமே வராது, அழுற புள்ளைய யாரு சும்மா பாத்துக்கிட்டு இருப்பா. தூக்குறதுல தப்பு இல்ல, தூக்கி அணைச்சிக்கிட்டு அங்கயே நிக்கலாம். தூக்கினதும் அந்த இடத்த விட்டு போறதும், அப்பறம் அவன் தூங்கினாத்தான் மிக்ஸி, இல்லன்னா பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்து அரைக்கிறது, கடைசியில அம்மியிலயே அரைச்சிக்கிறதுன்னு வீடே மாறிப்போறதும்தான் பயத்துக்கு தீனி போடுறது. ஓடினதும் அழுகை நிக்குது, அம்மாவுக்கும் நிம்மதி, புள்ளைக்கும் நிம்மதி, ஆனா அவன் மனசுல பதியறது என்னன்னா "தப்பிச்சோம், ஓடினதால தப்பிச்சோம்". சத்தம் தானா நிக்கறத அவன் ஒரு தடவ கூட பாக்கல. தீனி போடுறோமா இல்லையான்னு கண்டுபுடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கு: அழுகை எப்ப ஆரம்பிக்குதுன்னு பாருங்க. மொதல்ல மிக்ஸி ஓடினாத்தான் அழுதான், அப்பறம் ஜாரை எடுத்தாலே அழுதான், பிறகு தேங்கா ஒடைக்கிற சத்தம் கேட்டாலே அடுப்படி வாசல்ல வந்து நின்னு கத்துனான். பயம் இப்படி முன்னாடி முன்னாடி நகந்து வந்தா நாம ஓடுறதே அத வளக்குதுன்னு அர்த்தம்.

மூணாவது, மாமா வழி. புடிச்சி மிக்ஸி பக்கத்துல நிறுத்திட்டார். புள்ள கொஞ்ச நேரம் கதறிட்டு அமைதியாயிட்டான், மாமாவும் பாத்தியா தெளிஞ்சிட்டான்னார். எனக்கு இந்த நாலுலயும் இதுதான் ரொம்ப மோசம். அந்த அமைதி தெளிஞ்ச அமைதி இல்ல, ஒடம்பு விறைச்சிப்போன அமைதி. எப்படித் தெரியும்னா, அன்னிக்கு ராத்திரி ரெண்டு தடவ அலறி எழுந்தான், அடுத்த நாள் அடுப்படிக்குள்ளயே கால் வைக்கல, மாமாவப் பாத்தா அம்மா முந்தானைக்குள்ள போயிட்டான். மிக்ஸி பயம் இருந்த எடத்துல மாமா பயமும் சேந்துடுச்சி. "ஆம்பளப்புள்ள அழலாமா"ன்னு கேலி பண்றதும் இந்த வகையிலதான் சேரும்.

இந்த ஒப்பீடு புதுசு இல்ல. 1924லயே அமெரிக்காவுல மேரி கவர் ஜோன்ஸ்ன்னு ஒரு உளவியலாளர் சின்னப்புள்ளைங்க பயத்துக்கு ஏழு வழிய வச்சிப் பாத்தாங்க. வாயால விளக்குறது, கண்ணுல காட்டாம விட்டு மறக்க வைக்கிறது, மத்த புள்ளைங்க கேலி பண்றது எல்லாம் அதுல உண்டு. தெளிவா வேலை செஞ்சது ரெண்டுதான்: பயப்படுற பொருள புடிச்ச தீனி சாப்பிடுறப்ப தூரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வர்றது, பயப்படாத இன்னொரு புள்ளைய அதோட விளையாட விட்டு பாக்க வைக்கிறது. அவங்க பாத்த ஒரு பையன் பீட்டர், மூணு வயசுகூட நெறையல, முயலப் பாத்தா பயம். கூண்டுல தூரத்துல வச்சி, நாள் போகப் போக கிட்ட நகத்தி, கடைசியில முயல தடவுற வரைக்கும் வந்தான். நடுவுல காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில இருந்துட்டு கெளம்பறப்ப ஒரு பெரிய நாய் மேல பாய, கூட இருந்த நர்ஸும் பயந்துபோக, அவனோட முயல் பயம் பழையபடி ஆயிடுச்சி. திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிச்சாங்க, சரியாச்சி. அதனால நடுவுல ஒரு சறுக்கல் வந்தா எல்லாம் வீணாப்போச்சின்னு நெனைக்க வேண்டாம்.

நாலாவது வழின்னு நாங்க மிக்ஸிக்கு பண்ணது இதேதான், அடுப்படிக்கு ஏத்த மாதிரி. மொதல்ல பிளக்கை புடுங்கிட்டு, மூடி போட்ட ஜாரோட மிக்ஸிய தரையில வச்சி அவன தொட விட்டோம், உள்ள பிளேடு இருக்கறதால மூடி கழட்டல. அடுத்து, அரைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறது. "இப்ப சட்னி அரைக்கப் போறேன், அஞ்சு எண்ணு, நின்னுடும்." அவன் அப்பாவோட கொல்லை வாசல்ல நிப்பான், கையில வாழைப்பழம். அந்தத் தூரத்துல பழத்த சாப்பிட்டுக்கிட்டே இருந்தா அந்தத் தூரம் சரி. வாய் நின்னுபோச்சி, தோள் ஏறிடுச்சி, வாசலையே பாக்கறான்னா ரொம்ப கிட்ட வந்துட்டோம், பின்னாடி போயிடணும், ஏன்னா பயத்து நடுவுல தின்ன வச்சா அந்தப் பழத்து மேலயே வெறுப்பு வந்துடும். நல்லா ஆனதும் நடைக்கு, அப்பறம் அடுப்படி வாசலுக்கு.

பெரிய மாற்றம் வந்தது அவன் கையில அதிகாரம் வந்தப்பத்தான். சுவிட்சு அக்கா கையில, உத்தரவு அவனோடது. அவன் "போடு"ன்னா ஒரு நொடி ஓடும், "நிறுத்து"ன்னா அந்த நொடியே நிக்கும். இதுல ஏமாத்தவே கூடாது, இன்னும் தேங்கா அரையலன்னு ரெண்டு சுத்து கூட ஓட்டினா நம்பிக்கை போயிடும். தெனம் கொஞ்ச நேரம், அவன் தூக்கத்துலயோ பசியிலயோ இல்லாத நேரமா பாத்து. அவசரப்பட்டா மாமா வழியாத்தான் போயி முடியும்.

இருட்டுக்கும் நாய்க்கும் இதே வழி அப்படியே பொருந்தாது. இருட்டுல நாமளே செய்யற கோளாறு ஒண்ணு இருக்கு, மத்தியானம் சோறு ஊட்டறப்ப "சாப்பிடலன்னா பூச்சாண்டி வருவான்"னு சொல்லிட்டு ராத்திரி அங்க யாருமே இல்லன்னு சொன்னா அவன் எத நம்புவான்? பூச்சாண்டிய மொதல்ல நிறுத்தணும். அப்பறம் கட்டிலுக்கு அடியில பூச்சாண்டிய தேடி வெரட்டுற விளையாட்டும் வேண்டாம், தேடுனா இருக்கான்னுதான் அர்த்தம் ஆயிடும். மங்கலா ஒரு பல்பு, "இருட்டா இருக்கு, அம்மா இங்கதான் படுத்திருக்கேன்"னு ஒரு வரி, சாயங்காலம் விளக்க அணைச்சி டார்ச் வச்சி நிழல் விளையாட்டு, பெரும்பாலும் இதுலயே அடங்கும்.

நாய்ல பயம் பாதி நியாயம். தெருநாய்கிட்ட பழக்கறேன்னு கூட்டிப்போகவே கூடாது, தடுப்பூசி போட்ட, கட்டிப்போட்ட, சாதுவான வீட்டு நாய தூரத்துலேருந்து காட்டறதோட ஆரம்பிக்கலாம். தெருநாய்க்கு வேற பாடம்: ஓடாத, கத்தாத, கைய மடக்கிக்கிட்டு மரம் மாதிரி நில்லு. பல்லோ நகமோ பட்டுட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குப் போகணும்.

பயம் ஆறு மாசத்துக்கு மேல குறையாம இருந்தா, தூக்கம் சாப்பாடு கெட்டா, இல்ல சாதாரண சத்தத்துக்கே எப்பவும் காத பொத்திக்கிட்டு, பேர் சொல்லி கூப்ட்டா திரும்பாம, பேச்சும் வராம இருந்தா வீட்டு வைத்தியம் போதாது, குழந்தை டாக்டர்கிட்ட காட்டி காதையும் வளர்ச்சியையும் பாக்கச் சொல்லுங்க.

வேட்டுக்கு மட்டும் நான் பழக்கவே சொல்ல மாட்டேன். கடையில விக்கிற வெடிக்கே 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபல்னு சட்டத்துல வரம்பு வச்சிருக்காங்க, அதுவே சின்னக் காதுக்கு ரொம்ப அதிகம். அங்க காத பொத்தறதும் தள்ளிப் போறதும் தீனி போடுறது இல்ல, பாதுகாப்பு. வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சுமார் 6 டெசிபல் குறையும், நடுவுல ஒரு சுவரு இருந்தா இன்னும் குறையும். வேட்டு போடுறவர்கிட்ட நேரம் கேட்டு வச்சிக்கிட்டு, அந்த நேரத்துக்கு புள்ளைய தூங்க வைக்காம, "இப்ப டமார்னு கேக்கும், காத பொத்திக்கலாம் வா"ன்னு முன்னாடியே சொல்லி, அவனையே பொத்திக்க விட்டு, ஊர்க்கோடி வாய்க்கால் கரை வரைக்கும் கூட்டிப்போயிட்டா போதும். வேட்டு ஓஞ்சப்பறம் சாமி ஊர்வலத்துக்கு வரலாம், தவிலுக்கு கொஞ்சம் தள்ளி, எவ்வளவு தள்ளிங்கறத அவன் சொல்லட்டும்.