கிரில் எடை: 10 சதுரமா, 12 உருண்டையா, 12 சதுரமா?

ஜன்னல் கிரில்லுக்கு எத்தன கிலோ இரும்பு ஆகும்னு கேட்டா நிறைய பேரு வெல்டிங்குக்கு எவ்ளோ சேர்க்கணும்னுதான் முதல்ல மண்டைய உடைச்சுக்கறாங்க, ஆனா எடைய தீர்மானிக்கறது கம்பி சைஸுதான்.

4 அடிக்கு 4 அடி மாதிரி, 1200 க்கு 1200 மி.மீ ஜன்னல் ஒண்ணு எடுத்துக்கலாம். சுத்தி 25x5 பட்டை, நடுவுல குறுக்க அதே பட்டை ஒண்ணு, 100 மி.மீக்கு ஒண்ணுன்னு 11 நெட்டு கம்பி, ஒவ்வொண்ணும் 1190 மி.மீ (ரெண்டு பக்கமும் பட்டை தடிமன் 5 கழிச்சாச்சு). பட்டை மீட்டருக்கு 0.98 கிலோ, மொத்தம் சுமார் 6 மீட்டர், அதனால 5.9 கிலோ, இது எல்லாத்துக்கும் பொது. கம்பி 13.09 மீட்டர்.

சதுர கம்பிக்கு பக்கம் x பக்கம் x 0.00785, உருண்டைக்கு விட்டம் x விட்டம் / 162, ரெண்டுமே மி.மீல போட்டா மீட்டருக்கு கிலோ வந்துடும்.

10 சதுரம் 0.785, கிரில் முழுசா 16.2 கிலோ
12 உருண்டை 0.89, 17.5 கிலோ
12 சதுரம் 1.13, 20.7 கிலோ

வெறும் 2 மி.மீ கூட்டினதுக்கு சதுர கம்பி எடை 44% ஏறுது பாருங்க. இதுல வெல்டிங் எங்க இருக்கு? நாப்பது ஜாயின்ட்டு, ஒவ்வொண்ணுலயும் 4 மி.மீ கால் உள்ள வெல்டு 25 மி.மீ நீளம்னு வச்சா ஒண்ணுக்கு ஒன்றரை கிராம்தான், எல்லாம் சேத்தும் 65 கிராம் தேறாது. அதனால வெல்டிங்குக்கு 5% போடறேன்னு யாராவது சொன்னா அது வெல்டு எடை இல்ல, துண்டு வேஸ்ட்டும் சேர்ந்தது, அத தனியா கணக்கு பண்றதுதான் நியாயம். 6 மீட்டர் கம்பியில 1190 துண்டு அஞ்சு வரும், வெட்டு தடிமன் போக மிச்சம் 35 மி.மீதான். 11 வேணும்னா பதினொண்ணாவதுக்கு மூணாவது கம்பிய வெட்டணும், மிச்சம் கிட்டத்தட்ட 4.8 மீட்டர், அடுத்த ஜன்னலுக்கு போகும். ஜன்னல் உயரம் 1250 ஆனா ஒரு கம்பியில நாலுதான் வரும், ஒவ்வொண்ணுலயும் ஒரு மீட்டருக்கு மேல மிச்சம்.

எத எடுக்கலாம்னா, எடை குறைக்கணும்னு 10 சதுரத்துக்கு போறதவிட 12 உருண்டை மேல்னு தோணுது, கம்பி எடை மட்டும் 13% கூட, ஆனா வளையறதுக்கு எதிரான விறைப்பு 22% கூட. கைபலமா இழுத்தாலும் அசையக்கூடாதுன்னா 12 சதுரம்தான், அதோட விறைப்புல உருண்டைக்கு 59% தான் இருக்கு.

கேட்டுலயும் இதே கதைதான், ஆனா அங்க டியூப் தடிமன் பேசும். 1000 க்கு 1500 சட்டம், குறுக்க ஒண்ணு, 40x40 டியூப், மூலைய சாய்ச்சு வெட்டி சேத்தா நடுக்கோட்டு நீளம் 4.84, குறுக்கு 0.92, மொத்தம் 5.76 மீட்டர். 2 மி.மீ தடிமனுக்கு 13.7 கிலோ, 3 மி.மீக்கு 20 கிலோ. வாங்கும்போது மட்டும் வெளி அளவுல, அதாவது 5 மீட்டரும் குறுக்கும்னு கணக்கு போடுங்க, இல்லன்னா மூலையில துண்டு பத்தாது. 2 மி.மீன்னு வர்றது 1.8 ஆ இருந்தா எடை 10% கிட்ட போயிடும், முனைய வெர்னியர்ல பாத்தா தெரியும், இல்ல ஒரு மீட்டர் துண்ட தராசுல வைங்க, 2.3 கிலோவுக்கு நல்லாவே கீழ காட்டினா சந்தேகப்படலாம்.